சமைத்த வரிசையும் பரிமாறும் வரிசையும்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் முதலில் தயாராகிற பொருள்களில் ஒன்று தயிர். முந்தின ராத்திரியே பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, உறை ஊற்றி மூடி வைத்துவிடுவார்கள். கடைசியில் தயாராவது அப்பளம். பந்தி உட்காருகிற நேரத்தில்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். இலைக்கு வரும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அப்பளம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். தயிர் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். ஆனால் சாப்பிடுகிறவர் யாரும் குழம்புவதில்லை. இலையின் நுனி இடப்பக்கம், உப்பு இடது மேல் மூலை, கூட்டும் பொரியலும் மேல் பாதி, சோறு கீழ்ப் பாதி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. எது எப்போது வந்தாலும் அதன் இடத்தில் வந்து விழுகிறது.

காலப்பயணக் குறும்படத்தின் திரைக்கதையும் இப்படித்தான் இயங்குகிறது. கதைக்குள் சம்பவங்கள் நடந்த வரிசை ஒன்று. அது சமையல் வரிசை. திரையில் அவை வருகிற வரிசை வேறு. அது பரிமாறும் வரிசை. இரண்டும் வேறுவேறாக இருப்பதாலேயே பார்வையாளர் தொலைந்துபோய்விடுவதில்லை. இலையில் எது எங்கே என்று காட்டும் அடையாளம் இல்லாதபோதுதான் தொலைந்துபோகிறார். அந்த அடையாளங்களை எழுதும்போதே எப்படி வைப்பது என்பதை, நான் எழுதிய 12 நிமிடக் குறும்படம் ஒன்றை வைத்து அடுப்படியிலிருந்தே சொல்கிறேன். படத்தின் பெயர் ‘உறை’.

வெங்காயம் சொல்லும் நேரம்

முதலில் அடையாளம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அடுப்படிக்குள் நுழைகிற யாரும் வாணலியில் வதங்கும் வெங்காயத்தைப் பார்த்தால் சமையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளையாக இருந்தால் இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. பொன்னிறம் என்றால் தக்காளி போடும் நேரம். கடிகாரமே பார்க்க வேண்டியதில்லை. பொன்னிறமான வெங்காயம் மறுபடி வெள்ளையாகாது என்பதால்தான் அது நேரம் சொல்கிறது.

காலப்பயணப் படத்துக்கு வேண்டிய அடையாளம் இதுதான்: ஒரே திசையில் மட்டும் மாறுகிற, திரும்பி வராத ஒரு பொருள். “1990” என்று திரையில் எழுத்துப் போடுவது டப்பாவில் சீட்டு ஒட்டுவது போன்றது. படிக்கிற நொடியில் புரியும், இரண்டு காட்சி தாண்டினால் மறந்துவிடும். திரும்பாத பொருள் ஒவ்வொரு முறை சட்டகத்துக்குள் வரும்போதும் தானே நேரம் சொல்கிறது.

இதை மிகத் தெளிவாகச் செய்துகாட்டிய படம் கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’ (2000). அது காலப்பயணப் படம் இல்லை. ஆனால் வரிசை கலைப்பதற்குப் பாடமாக வைக்க வேண்டிய படம். முதல் ஷாட்டில் ஒரு கை போலராய்டு புகைப்படத்தைப் பிடித்திருக்கிறது. ஆட்ட ஆட்ட அதில் உருவம் தெளிவாக வேண்டும். ஆனால் மங்கிக்கொண்டே போகிறது. படம் பின்னோக்கி ஓடுகிறது என்ற விதியை ஒரு வார்த்தை பேசாமல் பார்வையாளருக்குக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. பிறகு வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் மாறிமாறி வருகின்றன. இறுதியில் இரண்டும் சந்திக்கிற இடத்திலும் ஒரு போலராய்டு இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்த புகைப்படம் கையில் மெல்லத் தெளியத் தெளிய, படமே வண்ணத்துக்கு மாறுகிறது. தொடக்கத்தில் மங்கிய பொருள் முடிவில் தெளிகிறது. ஒரே பொருள், இரண்டு திசை.

முதல் வேலை: சமையல் வரிசையை எழுதுவது

கலைப்பதற்கு முன்னால் கலையாத வரிசை ஒன்று கையில் இருக்க வேண்டும். ‘உறை’யின் கதை இது.

2024-இல் கயல் என்ற 33 வயதுப் பெண், அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பழைய வீட்டுச் சமையலறையில் தனியாக இருக்கிறாள். ஃபிரிட்ஜில் அம்மா கடைசியாக உறை ஊற்றிய தயிர் ஒரு கிண்ணம் இருக்கிறது. அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொள்கிறாள். துணி தேடி, அம்மாவின் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போகிறாள். வெளியே வந்தால் அதே சமையலறை, ஆனால் 2003. கதவின் பின்னால் நின்று பார்க்கிறாள். 12 வயதுக் கயலிடம் அம்மா தயிரைக் காட்டிச் சொல்கிறாள்: இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பால் உறையாமல் அழுதுகொண்டிருந்தேன், விரலில் பச்சைத் துணி கட்டின ஓர் அக்கா வந்து இந்த உறையைக் கொடுத்தார் என்று. கதவின் பின்னால் நிற்கிற கயல் தன் விரலைப் பார்க்கிறாள். 2024-க்குத் திரும்பி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு 1990-க்குப் போகிறாள். அழுதுகொண்டிருக்கிற இளம் அம்மாவின் சட்டியில் பாதித் தயிரை ஊற்றுகிறாள். அம்மா, யாரென்று தெரியாமலே, ரத்தம் ஊறின பச்சைத் துணியை அவிழ்த்து மஞ்சள் தடவி, மஞ்சள் துணி கட்டிவிடுகிறாள். கயல் திரும்பி வந்து மீதித் தயிரிலிருந்து புதுப் பாலுக்கு உறை ஊற்றுகிறாள். மறுநாள் காலை தயிர் தோய்ந்திருக்கிறது.

இதை எழுதும்போது ஒரே ஒரு காலக்கோடு போதாது. காலப்பயணக் கதையில் எப்போதும் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று வீட்டின் கடிகாரம்: 1990, 2003, 2024. இன்னொன்று பயணியின் கடிகாரம்: விரல் அறுபட்டது, 2003 பார்த்தது, 1990 போனது, திரும்பியது. 1990-இல் அம்மா 22 வயதுப் பெண். அவள் முன்னால் நிற்கிற கயலோ தன் அம்மாவைச் சாகக் கொடுத்தவள். வீட்டின் கடிகாரத்தில் முதலில் வருகிற சம்பவம், பயணியின் கடிகாரத்தில் கிட்டத்தட்டக் கடைசி. பார்வையாளர் குழம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான். எழுதுகிறவரும் அங்கேதான் சறுக்குகிறார்.

எனவே ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தனியாக ஒரு திரும்பாத பொருள் வேண்டும். ‘உறை’யில் வீட்டின் கடிகாரத்துக்கு ஸ்டோர் ரூம் கதவு நிலையை வைத்தேன். பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுவைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. 1990-இல் நிலை வெறும் மரம். 2003-இல் கோடுகள் ஒரு பெரியவரின் மார்பு உயரம் வரை ஏறியிருக்கின்றன. 2024-இல் கயலின் தலைக்குச் சமமாக ஏறி, பாதி அழிந்துகிடக்கின்றன. பார்வையாளர் கோடுகளை எண்ண வேண்டியதில்லை, எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று கண்ணில் பட்டால் போதும். காலம் தாண்டுகிற வாசலும் அதுவே என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் கேமரா அதைக் கடந்தே ஆக வேண்டும்.

பயணியின் கடிகாரத்துக்குக் கயலின் ஆள்காட்டி விரல். காயமில்லாத விரல், ரத்தம், பச்சைத் துணி, மஞ்சள் துணி, கடைசியில் ஆறிவருகிற வெட்டு. இந்த வரிசை மாறவே மாறாது.

ஸ்பெயின் இயக்குநர் நாச்சோ விகலோண்டோவின் ‘டைம்கிரைம்ஸ்’ (2007) முழுக்க இந்த இரண்டாவது வகை அடையாளத்தின் மேல் நிற்கிறது. எக்டர் என்பவர் சுமார் ஒரு மணி நேரம் பின்னால் போகிறார். அதனால் ஒரே பிற்பகலில் அவரே ஒருவருக்கு மேல் நடமாடுகிறார். வீடும் காடும் வெளிச்சமும் ஒன்றுதான். வீட்டின் கடிகாரம் எதையும் காட்டிக்கொடுக்காது. முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு மர்ம மனிதன் அவர் கையில் குத்துகிறான். கைக்குக் கட்டுப் போடுகிறார். பின்னால் தலையில் அடிபட்டதும் கையிலிருந்த அதே கட்டை அவிழ்த்துத் தலையில் சுற்றுகிறார். அந்த நொடியில் மர்ம மனிதன் யாரென்று நமக்குப் புரிகிறது. கட்டு கையில் இருந்தால் முந்தைய எக்டர், தலையில் இருந்தால் பிந்தைய எக்டர். ஒரு முழுநீளப் படத்தின் மொத்தக் குழப்பத்தையும் ஒரு துண்டுத் துணி தாங்கிப் பிடிக்கிறது.

தயிரின் கணக்கு

அடுத்ததாக, காலத்தைப் பற்றிய விதி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடந்த காலத்தை மாற்ற முடியுமா, முடியாதா? ‘பேக் டு த ஃபியூச்சர்’ (1985) மாற்ற முடியும் என்கிறது. மார்ட்டி புறப்படும்போது ‘இரட்டைப் பைன் மால்’ என்றிருந்த பலகை, அவன் கடந்த காலத்தில் ஒரு பைன் மரத்தை வண்டியால் இடித்துச் சாய்த்துவிட்டு வந்த பிறகு ‘ஒற்றைப் பைன் மால்’ என்று மாறியிருக்கிறது. கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962) முடியாது என்கிறது. சிறுவயதில் விமான நிலையத்தில் ஒருவர் செத்து விழுவதைப் பார்த்தவன், பெரியவனாகிக் காலத்தைத் தாண்டி வந்து அதே இடத்தில் செத்து விழுகிறான். சிறுவன் பார்த்தது தன் சாவைத்தான். இரண்டு விதியும் நல்ல விதிகள்தாம். ஆனால் 12 நிமிடப் படத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.

‘உறை’ இரண்டாவது விதியைப் பின்பற்றுகிறது. உறை ஊற்றுகிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்திருக்கும்: இன்றைய தயிருக்கு நேற்றைய தயிர் உறை, நேற்றையதற்கு முந்தாநாளையது, அப்படியானால் முதல் உறை எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து என்பது சாதாரண பதில். என் கதையில் அது மகளிடமிருந்து வருகிறது, மகளுக்கு அம்மாவிடமிருந்து, அம்மாவுக்கு மகளிடமிருந்து. வட்டத்துக்குத் தொடக்கமே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் வரைவில் கயல் கிண்ணத்தையே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கிண்ணத்தை அம்மா 34 வருடம் புழங்கி, அதுவே 2024 ஃபிரிட்ஜில் இருப்பதாக எழுதியிருந்தேன். அழகாகத்தான் தெரிந்தது. கணக்குப் போட்டபோது உடைந்தது. எவர்சில்வர் கிண்ணம் 34 வருடத்தில் கீறலும் சொட்டையும் வாங்கும். அந்தச் சொட்டையோடு 1990-க்குப் போனால் இன்னும் 34 வருடச் சொட்டை சேரும். சுற்று முடியும்போது புறப்பட்ட கிண்ணமும் வந்து சேர்ந்த கிண்ணமும் ஒன்றாக இருக்க முடியாது. தேய்கிற பொருள் காலவட்டத்துக்குள் சுற்ற முடியாது. தயிர் சுற்றலாம். தினமும் ஒரு கரண்டி மட்டும் புதுப் பாலுக்குப் போகிறது, அதில் உள்ள நுண்ணுயிர் பெருகுகிறது, பழையது சாப்பாட்டில் முடிந்துவிடுகிறது. 34 வருடத் தயிர் என்று எதுவும் இல்லை, எப்போதும் நேற்றைய தயிர்தான். எனவே திருத்தி எழுதினேன்: கயல் தயிரைச் சட்டியில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்து வருகிறாள். வட்டத்துக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் இப்படி ஒருமுறை கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பரிமாறும் வரிசை

இப்போதுதான் கலைக்கலாம். பயணியின் கடிகாரப்படி காட்சிகளுக்கு எண் கொடுத்துக்கொண்டேன்: ஒன்று, விரல் அறுபடுவது. இரண்டு, துணி கட்டி ஸ்டோர் ரூமுக்குள் போவது. மூன்று, 2003. நான்கு, திரும்பி வந்து கிண்ணம் எடுப்பது. ஐந்து, 1990. ஆறு, திரும்பி வந்து உறை ஊற்றுவது. ஏழு, மறுநாள் காலை.

திரையில் வருகிற வரிசை: ஐந்தின் ஒரு பாதி, ஆறு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தின் மறுபாதி, ஏழு.

கலைப்பு அதிகம் தோன்றலாம். உண்மையில் இரண்டே துண்டுகளை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். நடுவில் உள்ள ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து நேராகவே ஓடுகின்றன. இலையில் சோறு மாதிரி, படத்துக்கும் நேராக ஓடுகிற ஒரு பகுதி வேண்டும். மற்றவற்றை அதோடு பிசைந்துதான் சாப்பிட முடியும். ‘லா ஜெத்தே’யில் அந்த வேலையைப் பாதாள அறை செய்கிறது. கண்களின் மேல் கட்டோடு கைதி படுத்திருக்கிற படம் வந்தாலே பயணம் முடிந்து திரும்பிவிட்டோம் என்று தெரிகிறது. 28 நிமிடப் படம், கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்கள். இருந்தும் வழி தவறுவதில்லை. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) படத்தில் நாயகன் ஒவ்வொரு முறை சாகும்போதும் விமானத்தில் கண் விழிக்கிறான். கண் விழிக்கிற அந்த ஷாட் வந்ததும் அரங்கம் முழுக்கப் புரிந்துகொள்கிறது, சுற்று மறுபடி தொடங்கிவிட்டது என்று.

படத்தின் முதல் இரண்டு நிமிடம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 1990-இல் அழுகிற இளம்பெண். கதவு நிலை வெறும் மரம். பச்சைத் துணி கட்டின ஒரு விரல் கிண்ணத்தை நீட்டுகிறது, முகம் தெரியாது. வெட்டு. 2024. நிலையில் கோடுகள் தலை உயரம் வரை. ஒரு பெண் பாலில் தயிர் கலக்குகிறாள், விரலில் மஞ்சள் துணி. வெட்டு. அதே சமையலறை, அதே கோடுகள், அதே பெண், விரலில் எதுவும் இல்லை. அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்குகிறாள்.

மூன்றாவது காட்சி வந்ததும் பார்வையாளருக்குள் ஒரு கணக்கு நடக்கிறது. விரலில் காயமே இல்லை, ஆகவே இது முந்தைய நேரம். காயம் வரப்போகிறது. அரிவாள்மனை வேறு இருக்கிறது. தேதியைப் படித்தவர் தகவல் மட்டும் பெறுவார். விரலைப் பார்த்தவர் அந்தப் பெண்ணுக்காகப் பதறுகிறார். நல்ல அடையாளம் வழிகாட்டுவதோடு நிற்பதில்லை, கதையையும் நகர்த்துகிறது.

காகிதத்தில் எழுதுவது எப்படி?

அடையாளத்தை இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் படப்பிடிப்புத் தளத்தில் அது காணாமல் போகும். சீன் பேப்பரிலேயே இருக்க வேண்டும். நான் காட்சித் தலைப்பில் இரண்டு கடிகாரங்களையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் காட்சியின் ஒரு பகுதி இது:

> காட்சி 3. உள் / சமையலறை / மாலை / 2003
> நிலை: கோடு மார்பு உயரம். விரல்: பச்சைத் துணி, ரத்தம் சிறிது.
>
> ஸ்டோர் ரூம் கதவு ஒரு விரல்கடை திறக்கிறது. பச்சைத் துணி கட்டின விரல் கதவின் விளிம்பைப் பிடிக்கிறது. அந்த விரலுக்குப் பக்கத்திலேயே, நிலையில், புதிதாகப் போட்ட பென்சில் கோடு.
>
> டியூப் லைட் வெளிச்சத்தில் அம்மா (35). எதிரே பள்ளிச் சீருடையில் சின்னக் கயல் (12), தட்டில் தயிர்சாதம்.
>
> சின்னக் கயல்: ஏம்மா, கடைத் தயிர் வாங்கவே மாட்டியா?
>
> அம்மா: இது கடையில கிடைக்காதுடி. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, பால் தோயவே இல்லன்னு இங்க உக்காந்து அழுதுட்டிருந்தேன். ஒரு அக்கா வந்து குடுத்தாங்க.
>
> சின்னக் கயல்: எந்த அக்கா?
>
> அம்மா: தெரியல. மூஞ்சிகூட மறந்துபோச்சு. விரல்ல பச்சைத் துணி கட்டியிருந்தாங்க, அது மட்டும் ஞாபகம் இருக்கு.
>
> கதவின் விளிம்பைப் பிடித்திருந்த விரல் மெல்ல உள்ளே போகிறது.

இதில் கயலின் முகம் வரவே இல்லை. அவள் அதிர்ந்தாள் என்று எழுதவும் இல்லை. வசனத்தில் பச்சைத் துணி வருகிற நேரத்தில் திரையில் பச்சைத் துணி இருக்கிறது; இரண்டையும் சேர்க்கும் வேலை பார்வையாளருடையது. அம்மாவுக்கு முகம் மறந்துபோனதும் காரணமாகத்தான். முகம் நினைவிருந்தால், வளர்ந்த மகளின் முகத்தில் அந்த அக்காவை அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இரண்டு அடையாளங்களுக்கு மேல் ஒன்றே ஒன்று சேர்த்தேன்: விளக்கு. 1990-இல் குண்டு பல்பு, 2003-இல் டியூப் லைட், 2024-இல் எல்.இ.டி. கதவும் விரலும் சட்டகத்தில் இல்லாத நெருக்கமான ஷாட்டில்கூட முகத்தில் விழுகிற வெளிச்சம் காலத்தைச் சொல்லிவிடும். மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். காலண்டர், ரேடியோ, ஃபோன், சுவர் வண்ணம் எல்லாம் காலத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும், ஆனால் கேமரா அவற்றில் நிற்கக் கூடாது. எல்லா மசாலாவும் போட்ட குழம்பில் எதன் ருசியும் தெரியாது.

எங்கே கெடுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் தவறு, கடந்த காலத்துக்குப் பழுப்பு வண்ணம் பூசுவது. என் முந்தைய குறும்படத்தில் அதைச் செய்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் நாயகன் பழசை நினைத்துப் பார்க்கிறான் என்றுதான் புரிந்துகொண்டார்கள். பழுப்போ கறுப்பு வெள்ளையோ வந்தால் அது நினைவு என்று நமக்குப் பல வருடப் பழக்கம். நினைவுக்கும் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம், பயணி உடம்போடு அங்கே போயிருக்கிறார் என்பதுதான். அதை வண்ணம் சொல்லாது. இங்கிருந்து அங்கே போன ஒரு பொருள் சொல்லும். 2024-இல் கிழித்த பச்சைத் துணி 2003-இன் கதவைப் பிடிக்கிறபோது அது நினைவாக இருக்க முடியாது.

இரண்டாவது தவறு ‘உறை’யிலேயே நடந்தது. ஆரம்பத்தில் விரலில் கட்டுகிற இரண்டு துணியும் வெள்ளையாக இருந்தன. காகிதத்தில் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. பிடிபட்டது ஒரு எளிய சோதனையில். ஏழு காட்சிக்கும் ஒவ்வொரு புகைப்படம் ஃபோனில் எடுத்து, அச்சுப் போட்டு, கதை தெரியாத ஐந்து பேரிடம் கலைத்துக் கொடுத்தேன். நடந்த வரிசையில் அடுக்கச் சொன்னேன். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. ஐந்து பேரும் 1990-ஐயும் 2003-ஐயும் சரியாக வைத்தார்கள். கதவு நிலை தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் நான்காம் காட்சியையும் ஆறாம் காட்சியையும் மூன்று பேர் இடம் மாற்றி வைத்தார்கள். இரண்டும் 2024, இரண்டிலும் விரலில் வெள்ளைத் துணி, இரண்டிலும் கையில் கிண்ணம். பயணியின் கடிகாரம் அந்த இடத்தில் நின்றுபோயிருந்தது.

முதல் துணியைப் பச்சையாக்கினேன். இரண்டாவதை மஞ்சளாக்கினேன். மஞ்சள் ஆக்கியதும் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டிவிடுகிற காட்சி பிறந்தது. அதுவரை 1990-இல் கயல் கொடுக்கிறவளாக மட்டும் இருந்தாள். இப்போது வாங்குகிறவளாகவும் ஆனாள். வழி தவறாமல் இருக்கச் செய்த ஒரு திருத்தம் படத்தின் மையமாகிவிட்டது.

இந்தப் புகைப்படச் சோதனைக்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. படப்பிடிப்புக்கு முன்னால் செய்தால் பேனாவால் திருத்திவிடலாம். எல்லோரும் ஒரே இடத்தில் தவறினால் அந்த இடத்தில் அடையாளம் இல்லை. ஆளுக்கோர் இடத்தில் தவறினால் அடையாளங்கள் அதிகமாகி ஒன்றை ஒன்று மறைக்கின்றன.

மூன்றாவது வரிசை

சமையலுக்கும் பந்திக்கும் முன்னால் சந்தைக்குப் போகிற வரிசை ஒன்று இருக்கிறது. சினிமாவில் அது படப்பிடிப்பு வரிசை. இதில்தான் திரும்பாத பொருள் தன் குணத்தைக் காட்டும். கதவு நிலையில் கோடு போட்டுவிட்டால் வெறும் மரம் திரும்பக் கிடைக்காது. எனவே முதல் நாள் 1990, இரண்டாம் நாள் 2003, மூன்றாம் நாள் 2024 என்று வீட்டின் கடிகாரப்படியே எடுக்க வேண்டியதாயிற்று. கயலாக நடித்தவருக்கு அதனால் முதல் நாளே ஐந்தாம் காட்சி. அம்மாவைச் சந்திக்கிற, கதையின் மிகக் கனமான இடம். அதற்காக முந்தின வாரமே ஒன்றிலிருந்து நான்கு வரை அந்தச் சமையலறையிலேயே ஒத்திகை பார்த்துவிட்டோம்.

பச்சைத் துணியின் ரத்தக்கறையும் முதல் நாளே முழுதாக ஊறியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் எடுக்கிற இரண்டாம் காட்சியில் புதிதாக இருக்க வேண்டும். ஒரே புடவையிலிருந்து நாலு துண்டு கிழித்து, கறையை நாலு அளவில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் காட்சி எண் எழுதி, கட்டியபடி புகைப்படம் எடுத்து உதவி இயக்குநர் நோட்டில் ஒட்டிக்கொண்டார். எடிட்டிங்கில் சந்தேகம் வந்த இரண்டு இடத்திலும் அந்த நோட்டுதான் தீர்த்துவைத்தது.

ஏழாம் காட்சியை மூன்றாம் நாள் விடியற்காலையில் எடுத்தோம். இரண்டாம் நாள் ராத்திரி உண்மையாகவே பால் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் ஒரு கரண்டி உறை ஊற்றி மூடி வைத்திருந்தோம். படத்தின் கடைசி ஷாட் அதுதான். கட்டு இல்லாத ஒரு விரல், ஆறிவருகிற வெட்டோடு, சட்டியின் மூடியை எடுக்கிறது. பின்னால் கதவு நிலை, தலை உயரக் கோடுகள். சட்டியைச் சாய்க்கிறாள், தயிர் நகரவில்லை. தேதி எதுவும் போடவில்லை. எந்த வருடம், எதற்குப் பிறகு என்று கேட்கத் தேவை இல்லாதபடி மூன்று பொருளும் அந்த ஒரே சட்டகத்தில் இருந்தன.